கொமென் போதுமா? ஜப்பானிய நண்பரிடம் 'லேட்டாகும்' என்று சொல்வது

*"ஜப்பானுக்கு வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஜப்பானிய நண்பர் ஒருவரைப் பார்க்கப் போகும்போது பத்து நிமிடம் தாமதமாகும் என்று தெரிந்தது. வகுப்பில் படித்த 'மோஷிவகெ அரிமஸென்' போட்டு மெசேஜ் அனுப்பினேன். 'நான் என்ன உன் கஸ்டமரா?' என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நண்பரிடம் லேட்டாகும் என்பதை எப்படிச் சொல்வது? மன்னிப்பு எந்த அளவுக்குக் கேட்டால் சரி?"*

பத்து நிமிடத்துக்கு, சம வயது நண்பருக்கு, இது போதும்:

```
ごめん、10分くらい遅れそう！先に入ってて🙏
```

வாசிப்பது இப்படி: கொமென், ஜுப்புன் குராய் ஒகுரெஸோ! ஸகி நி ஹாய்த்தெதெ. அதாவது, "சாரி, ஒரு பத்து நிமிஷம் லேட்டாயிடும் போல. நீ முதல்ல உள்ள போய் இரு." தமிழ் எழுத்தில் ஜப்பானிய ஒலிகள் முழுதாக வராது. 'கொமென்' என்பதன் முதல் எழுத்தை 'கோல் போட்டான்' என்பதில் வரும் ககரம் போலவும், ஆனால் குறிலாகவும் சொல்லுங்கள். 'ஒகுரெஸோ'வில் வரும் 'கு'வை, 'மக்கு' என்னும் சொல்லில் வருவதுபோல அழுத்தமாகச் சொல்ல வேண்டும், ஆனால் இரட்டிக்கக் கூடாது.

நண்பர் ஏன் சிரித்தார் என்பது தமிழில் யோசித்தாலே புரிந்துவிடும். டீக்கடையில் காத்திருக்கும் நண்பனுக்கு "தாமதத்துக்கு வருந்துகிறேன், பொறுத்தருள்க" என்று அனுப்பினால் அவன் என்ன நினைப்பான்? கிண்டல் என்று நினைப்பான், இல்லையென்றால் நமக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று நினைப்பான். 'மோஷிவகெ அரிமஸென்' என்பதற்கு நேர்ப்பொருளே "சொல்லிக்கொள்ளச் சாக்கு எதுவும் இல்லை" என்பதுதான். கடைக்காரர் வாடிக்கையாளரிடமும், ஊழியர் மேலாளரிடமும் சொல்வது. நண்பரிடம் சொன்னால் மரியாதை கூடாது, தூரம்தான் கூடும்.

'ஸுமிமஸென்' அதற்கு ஒரு படி கீழே. தெருவில் வழி கேட்க, ஹோட்டலில் பரிமாறுபவரைக் கூப்பிட, காலை மிதித்துவிட்டால் என்று எல்லாவற்றுக்கும் பயன்படும். ஆனால் நெருங்கிய நண்பரிடம் இதுவும் கொஞ்சம் வெளியாள் பேச்சுதான். நண்பர்களுக்கு இடையே ஓடும் சொல் 'கொமென்'. அதோடு 'நெ' சேர்த்து 'கொமென் நெ' என்றால் குரல் இளகும், பாசம் தெரியும். 'கொமென் நஸாய்' என்றால் முழு வடிவம், தப்பு உண்மையிலேயே பெரிது என்று ஒப்புக்கொள்வது. நெருங்கிய ஆண் நண்பர்களுக்குள் 'வருய்' என்றும் சொல்வார்கள். அதன் பொருள் 'கெட்டது' என்பதுதான். நம் ஊரில் "தப்பு என் மேலதான்டா" என்று சொல்லித் தோளைத் தட்டுவது போல. புதிதாகப் படிப்பவர்கள் அந்தச் சொல்லைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைப்பது நல்லது. சொல்பவரின் தோரணை சரியில்லையென்றால் அலட்சியமாகக் கேட்கும்.

எந்தப் படியில் நிற்பது என்று குழம்பினால் ஒரு வழி இருக்கிறது. அவரோடு வழக்கமாக எப்படிப் பேசுகிறீர்களோ அப்படியே மன்னிப்பும் கேளுங்கள். வாக்கிய முடிவில் 'தெஸ்', 'மஸ்' போட்டுப் பேசும் பழக்கம் இன்னும் இருந்தால், 'ஸுமிமஸென், ஜுப்புன் குராய் ஒகுரெஸோ தெஸ்' என்பது பொருத்தமாக இருக்கும். இருவரும் அவற்றை விட்டுவிட்டுத் தோழமையாகப் பேசத் தொடங்கியிருந்தால் 'கொமென்'தான். தோழமையாகப் பேசியவர் திடீரென்று ஒருநாள் 'தெஸ், மஸ்' என்று ஆரம்பித்தால், "இவனுக்கு என்ன கோபம்?" என்றுதான் தோன்றும்.

சரி, சொல் தேர்வு அவ்வளவுதான். ஜப்பானில் மன்னிப்பின் எடையைக் கூட்டுவதும் குறைப்பதும் பெரும்பாலும் அந்தச் சொல் அல்ல. எப்போது சொன்னீர்கள், எத்தனை நிமிடம் என்று சொன்னீர்கள், காத்திருப்பவர் இப்போது என்ன செய்யலாம் என்று சொன்னீர்களா என்பவைதான். ஒரு சனிக்கிழமையை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

மாலை 7 மணிக்கு ஷிபுயாவில் ஹச்சிகோ நாய்ச் சிலை அருகே சந்திப்பதாகப் பேச்சு. அங்கிருந்து 7.15க்கு ஓர் இஸகாயாவில், அதாவது குடியும் தின்பண்டமும் கிடைக்கும் கடையில், இருவருக்கு இடம் பிடித்திருக்கிறீர்கள். நீங்கள் இருப்பது நிஷிகஸாய், நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கும் அதே இடம். 6.15க்கு வீட்டை விட்டுக் கிளம்பியிருந்தால் சரியாகப் போயிருக்கும். கிளம்பும்போது மணி 6.25.

6.30க்கு ரயிலில் ஏறியதுமே, ஓதெமச்சியில் மாறி ஷிபுயா போய்ச் சேர 7.10 ஆகிவிடும் என்று தெரிகிறது. அனுப்ப வேண்டிய நேரம் இதுதான். 6.58க்கு அனுப்பும் 'கொமென்'னும் 6.30க்கு அனுப்பும் 'கொமென்'னும் ஒன்றல்ல. 6.30க்குத் தெரிந்தால் நண்பர் கிளம்புவதைத் தள்ளிப்போடலாம், வழியில் புத்தகக் கடைக்குள் நுழையலாம். 6.58க்குத் தெரிந்தால் அவர் ஏற்கெனவே சிலை அருகே நிற்கிறார், இனி நின்றே ஆக வேண்டும். ஜப்பானில் 'கொஃபுன் மாஎ கோதோ' என்று பள்ளியிலேயே பழக்குகிறார்கள். குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே தயாராக இருப்பது. அதனால் 7 மணிச் சந்திப்புக்கு அவர் 6.55க்கே அங்கே இருக்கலாம். உங்கள் பத்து நிமிடத் தாமதம் அவர் கணக்கில் பதினைந்து.

போனில் கூப்பிட வேண்டாம். ரயிலுக்குள் போன் பேசுவதில்லை என்பது அங்கே எழுதப்படாத சட்டம், அறிவிப்பும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். மெசேஜ்தான் வழி.

இப்போது அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம். தமிழருக்கு இது எளிதாக வரும், ஏனென்றால் ஜப்பானிய மொழியின் வாக்கியக் கட்டு நம்முடையதற்கு மிக அருகில் நிற்கிறது. 'ஒகுரெரு' என்றால் தாமதமாதல். அதில் 'ஸோ' சேர்ந்தால் 'ஒகுரெஸோ', நாம் பேச்சில் சொல்லும் "லேட்டாயிடும் போல". இந்த 'போல' சும்மா ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. "நான் தாமதமாக வருவேன்" என்று அறிவிப்பதற்கும், "ஆகிடும் போல இருக்கு" என்று சங்கடத்தோடு சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் அதில்தான் இருக்கிறது. அகராதியைப் பார்த்து 'ஒஸொகு நரு' என்று எழுதிவிடுவோரும் உண்டு. அதுவும் தாமதமாதல்தான், ஆனால் இன்று வீட்டுக்கு வர நேரமாகும் என்று மனைவியிடம் சொல்கிற மாதிரியான இடத்தில்தான் அது நன்றாகப் பொருந்தும். குறித்த நேரம் ஒன்று இருந்து அதைத் தாண்டுவதற்கு 'ஒகுரெரு' என்பதே தெளிவு.

'ஹாய்த்தெதெ' என்பதில் கடைசியில் வரும் 'தெதெ'யைக் கவனியுங்கள். 'ஹாய்த்தெ' என்றால் "உள்ளே போ". 'ஹாய்த்தெதெ' என்றால் "உள்ளே போய் இரு". நம் '-ட்டு இரு' அப்படியே. "சாப்பிட்டுட்டு இரு" என்று சொல்ல வேண்டுமானால் 'தபெதெதெ'. மன்னிப்புக்கு உண்மையான எடை இந்தச் சிறு துண்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. பல இஸகாயாக்களில் ஒரு மேசைக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்கு வைப்பார்கள். நீங்கள் வரும்வரை அவர் வாசலிலேயே நின்றால் அவர் நேரமும் சேர்ந்து கரையும். "நீ போய் உட்கார்" என்று சொல்லாவிட்டால், நல்ல மனுஷர் என்பதற்காகவே அவர் நின்றுகொண்டிருப்பார்.

நிமிடக் கணக்கில் ஒரு எச்சரிக்கை. நமக்கு "அஞ்சு நிமிஷம்" என்பது ஒரு வார்த்தை. அங்கே 'கொஃபுன்' என்பது ஐந்து நிமிடம். பத்து ஆகும் என்று தோன்றினால் 'ஜூகொஃபுன்', பதினைந்து என்று சொல்லிவிடுங்கள். சொன்னதைவிட முன்னால் போய் நின்றால் அவருக்கு லேசாக இருக்கும். பத்து என்று சொல்லிப் பதினைந்தில் போனால் மன்னிப்பை இரண்டாம் முறை கேட்க வேண்டும், அது முதல் தடவையைவிடக் கனமானது.

அப்புறம், நானே விழுந்த குழி ஒன்று. வந்த புதிதில் நண்பர் ஒருவர் ஸ்டேஷன் வாசலில் காத்திருக்கும்போது, "இதோ வந்துட்டே இருக்கேன்" என்பதை நினைத்து 'இம குரு!' என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது: 'தரெ கா?' யார்? யாரோ மூன்றாம் ஆள் என்னிடம் வருகிறார் என்று அவர் புரிந்துகொண்டார். தமிழில் கேட்பவர் இருக்கும் இடத்தை நோக்கிப் போனாலும் "வர்றேன்" என்போம். ஜப்பானிய மொழியில் 'குரு', வருதல், பேசுபவர் இருக்கும் இடத்தை நோக்கி நடப்பது மட்டுமே. அவரிடம் நான் போகிறேன் என்றால் 'இகு', போதல். ஆகவே 'இம இகு'. இன்னும் நல்லது 'இம முகத்தெரு', இப்போது அங்கே வந்துகொண்டிருக்கிறேன் என்பதற்கு. (கியூஷூ பக்கம் பேச்சு வழக்கில் நம்மைப் போலவே 'குரு' என்று சொல்வார்கள். அந்த ஊர்க்காரர் நண்பராக வாய்த்தால் நம் தப்பு தப்பிவிடும்.) ஒன்று மட்டும், 'முகத்தெரு' என்றால் நீங்கள் உண்மையில் வழியில் இருக்க வேண்டும். ஷூ லேஸ் கட்டிக்கொண்டே "பக்கத்துல வந்துட்டேன்" என்று சொல்லும் நம் வழக்கம் அங்கே எடுபடாது.

சனிக்கிழமைக்குத் திரும்புவோம். 6.45க்கு ரயில் நடுவழியில் நின்றுவிடுகிறது. எப்போது கிளம்பும் என்று தெரியாது. இப்போது இரண்டாவது மெசேஜ். இங்கே காரணம் சொல்லலாம், ஆனால் சொல்கிற விதத்தில் ஒரு சூட்சுமம் உண்டு.

'கரா' என்றால் 'அதனால்', 'ஏனென்றால்'. வகுப்பில் முதலில் கற்றுத்தருவது அதைத்தான் என்பதால், 'ரயில் நின்றது கரா, தாமதமாகும்' என்று எழுதக் கை போகும். இலக்கணம் சரி. ஆனால் கேட்பவருக்கு, "ரயில்தானே நின்றது, என்னை என்ன செய்யச் சொல்கிறாய்" என்று தொனிக்கும். இதை 'ஈவகெ' என்பார்கள், சாக்கு. அதற்குப் பதில் வினையெச்சத்தில் விட்டுவிடுங்கள்:

```
ごめん、電車が止まっちゃって…
30分くらい遅れるかも。ほんとごめん！
先に食べてて
```

முதல் வரி: கொமென், தென்ஷா கா தொமச்சத்தெ... "சாரி, ரயில் நின்னுபோய்..." அவ்வளவுதான், முடிக்க வேண்டாம். மீதியை அவரே நிரப்பிக்கொள்வார். 'ச்சத்தெ' என்னும் துண்டு நம் 'விடு', 'போ' என்னும் துணைவினைகளின் வேலையைச் செய்கிறது. "நின்றது" என்பது செய்தி. "நின்னுபோச்சு" என்றால் அதில் ஐயோ என்ற உணர்வும் சேர்ந்துவிடுகிறது அல்லவா? அதே கணக்கு. இரண்டாம் வரியில் 'ஒகுரெரு கமொ' என்பது "லேட்டாகலாம்" என்பது. நிச்சயம் தெரியாதபோது 'ஸோ'வைவிட இது நேர்மையானது. பிறகு 'ஹொந்தொ கொமென்', நிஜமாகவே சாரி. கடைசி வரி 'ஸகி நி தபெதெதெ', நீ முதல்ல சாப்பிட்டுட்டு இரு.

ரயில் தாமதத்துக்கு அங்கே ரயில் நிறுவனங்கள் 'சியென் ஷோமெய்ஷோ' என்று ஒரு தாமதச் சான்றுச் சீட்டு தருவார்கள். அலுவலகத்திலும் பள்ளியிலும் காட்டுவதற்கு. நண்பரிடம் அதை நீட்டினால் நன்றாகச் சிரிக்கலாம், வேறு பயன் இல்லை.

அவரிடமிருந்து 'டைஜோபு! யுக்குரி தெ ஈ யோ' என்று பதில் வரும். பரவாயில்லை, மெதுவாகவே வா. இதை நம்பி மெதுவாக நடக்காதீர்கள். நம் வீட்டில் விருந்தாளி "காபி எல்லாம் எதுக்கு" என்று சொல்வதைப் போன்ற பேச்சு அது. பதிலுக்கு 'அரிகதோ' போட்டுவிட்டு விரைவாகப் போய்ச் சேருங்கள். அந்த 'டைஜோபு'வுக்கு மேல் இன்னும் நாலு 'கொமென்' அனுப்ப வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் அவர் "பரவாயில்லை" என்று பதில் போட வேண்டியிருக்கும். காத்திருப்பவரே நம்மைத் தேற்றிக்கொண்டிருக்கும் நிலைமை வந்துவிடும்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வார்த்தை 'ஒஸொகு நத்தெ கொமென்!' "லேட்டாகிப்போச்சு, சாரி." இங்கே நடந்து முடிந்ததைச் சொல்வதால் 'போல' எல்லாம் கிடையாது, நேராக எச்சம். ஐந்து நிமிடம் மட்டும் என்றால் 'ஒமதஸெ!' போதும், "காக்க வெச்சுட்டேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வது. அரை மணி நேரத்துக்கு 'ஒமதஸெ' என்று உற்சாகமாகக் கையாட்டி வந்தால் எரிச்சல் வரும். கடைசி இருபது மீட்டரை ஓட்டமும் நடையுமாகக் கடப்பதும் ஒரு மன்னிப்புதான். அங்கே சாவகாசமாக நடந்து வருபவரின் 'கொமென்' பாதி எடைதான் பெறும். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை, ஆனால் ஹச்சிகோ சிலை அருகே அரை மணி நேரம் நின்று வேடிக்கை பார்த்தால் தெரிந்துவிடும்.

தப்பு முழுக்க உங்களுடையது என்றால் கணக்கு வேறு. தூங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ரயில் மேல் பழி போடாதீர்கள். ரயில் ஓடுகிறதா நிற்கிறதா என்பதை அவர் கையில் இருக்கும் போனே சொல்லிவிடும். 'நெபோ ஷிச்சத்தா', "தூங்கிப்போயிட்டேன்", என்று உண்மையைச் சொன்னால் பாதிக் கோபம் சிரிப்பாகிவிடும். இங்கே 'ஹொந்தொ நி கொமென் நஸாய்' என்று முழு வடிவத்துக்குப் போவது சரி. சினிமாவுக்கு டிக்கெட் எடுத்திருந்து முதல் இருபது நிமிடம் போய்விட்டது என்றாலோ, ஜனவரிக் குளிரில் வெளியே நிற்க வைத்துவிட்டீர்கள் என்றாலோ அதுவே அளவு. கூடவே 'காபி ஒகொரு', "காபி என் கணக்கு", என்றும் சேர்க்கலாம். காபியை ஜப்பானியர் 'கோஹீ' என்பார்கள். பணத்தால் தீர்ப்பதாக யாரும் நினைப்பதில்லை. பேச்சை வேறு பக்கம் திருப்ப அது நல்ல வாய்ப்பு.

இப்படிப் பெரிய தாமதம் நடந்திருந்தால் இன்னொரு மன்னிப்பு பாக்கி இருக்கிறது. அடுத்த முறை பார்க்கும்போது, இரண்டு வாரம் கழித்தாக இருந்தாலும், 'கொனொ அய்தா வா கொமென் நெ' என்று ஒரு வரி. "அன்னிக்கு சாரி." நமக்கு இது முடிந்த கதையைக் கிளறுவது போல இருக்கும். அங்கே அது மறக்கவில்லை என்பதற்கு அடையாளம். நன்றியையும் அப்படித்தான் அடுத்த சந்திப்பில் ஒருமுறை மீண்டும் சொல்வார்கள். பத்து நிமிடத்துக்கு இது வேண்டாம், நாடகமாகிவிடும்.

கூப்பிய கை எமோஜி பற்றி ஒரு வார்த்தை. நமக்கு அது வணக்கம், கோயில். ஜப்பானியருக்கு மன்னிப்புக் கேட்கும்போதும் ஏதாவது கெஞ்சும்போதும் முகத்துக்கு நேரே கைகளைச் சேர்ப்பது வழக்கம். அதனால் 'கொமென்' பக்கத்தில் அது இயல்பாக இருக்கும். ஒன்று போதும், மூன்று போட வேண்டாம். தப்பு பெரிதென்றால் அந்த ஒன்றும் வேண்டாம், எழுத்து மட்டும்.

நண்பர் என்றாலும் வயதிலோ கல்லூரியிலோ மூத்தவர், 'செம்பாய்', என்றால் இப்படி:

```
すみません、10分ほど遅れそうです。
先に入っていてください。
```

ஸுமிமஸென், ஜுப்புன் ஹொதொ ஒகுரெஸோ தெஸ். ஸகி நி ஹாய்த்தெ இதெ குதஸாய். இதிலும் 'மோஷிவகெ' வரவில்லை பாருங்கள். 'குராய்' என்பதற்குப் பதில் 'ஹொதொ' போட்டதும், சுருக்காமல் 'ஹாய்த்தெ இதெ' என்று முழுதாகச் சொல்லி 'குதஸாய்' சேர்த்ததுமே மரியாதையைக் கொண்டுவந்துவிடுகின்றன. எமோஜி கிடையாது.

அவர் தாமதமாக வரும் நாளும் வரும். மூச்சிரைக்க ஓடிவந்து 'மத்தா?' என்று கேட்பார், "ரொம்ப நேரமாச்சா?" கையில் இருக்கும் காபி ஆறிப்போய்க் கோப்பையின் அடியில் கிடந்தாலும், நீங்கள் சொல்ல வேண்டியது 'ஊன், இம கிதா தொகொ.' இல்லை, இப்பத்தான் வந்தேன். கோப்பையை அவரும் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.